லிமிட் இரண்டு கோடி, எடுக்க முடிவது எவ்வளவு?

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு டி-ஷர்ட் தைத்து அனுப்பும் ஒரு பனியன் கம்பெனி. வங்கியில் சிசி கணக்கு இருக்கிறது. லிமிட் 2 கோடி ரூபாய். அக்டோபர் இரண்டாவது வாரத்தில் கணக்கில் எடுத்திருக்கும் தொகை 188 லட்சம். இன்னும் 12 லட்சம் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கில் முதலாளி நூல் மில்லுக்கு 10 லட்சத்துக்குச் செக் கொடுக்கிறார். செக் திரும்பிவிடுகிறது. பதறிப்போய் வங்கிக்கு ஓடினால் மேனேஜர் சொல்கிறார்: "லிமிட் ரெண்டு கோடிதாங்க. ஆனா உங்க டிபி 144 லட்சம். ஏற்கெனவே 44 லட்சம் கூடுதலா எடுத்திருக்கீங்க."

டிபி என்பது டிராயிங் பவர். சிசி கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தச் சொல் பழக்கம். மாதம்தோறும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்ற ஒன்றை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வங்கிக்கு அனுப்புகிறோமே, அதன் கடைசி வரியில் வரும் தொகைதான் அது. பல கம்பெனிகளில் கணக்குப்பிள்ளை போன மாதத்து ஸ்டேட்மென்டைத் திறந்து, நான்கைந்து எண்களை மாற்றி, லிமிட்டுக்குச் சற்று மேலே வருகிறதா என்று பார்த்து அனுப்பிவிடுகிறார். முதலாளி அதைப் படிப்பதே இல்லை. தன் தொழிலில் பணம் எங்கே சிக்கிக் கிடக்கிறது என்பதை ஒரே பக்கத்தில் காட்டும் தாள் அது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மேலே சொன்ன கம்பெனியின் ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு இது. எண்கள் எளிதாக நிற்க முழு லட்சங்களாக எடுத்துக்கொண்டு, ஜிஎஸ்டியை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் இதில் வரும் தவறு ஒவ்வொன்றும் நம் ஊர்க் கம்பெனிகளில் சகஜமாக நடப்பதுதான்.

லிமிட் வேறு, டிபி வேறு

லிமிட்டை வங்கி ஆண்டுக்கு ஒருமுறை முடிவு செய்கிறது. சிறு தொழில்களுக்குப் பெரும்பாலும் நாயக் குழு 1992இல் சொன்ன வழியையே பின்பற்றுகிறார்கள். வரும் ஆண்டில் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனமாகத் தேவைப்படும். அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை முதலாளி போட வேண்டும். நம் கம்பெனி ஆண்டுக்கு 10 கோடிக்கு விற்பேன் என்றது. 10 கோடியில் 20 சதவீதம் 2 கோடி. லிமிட் வந்தது அப்படித்தான்.

ஆக, லிமிட் என்பது எதிர்பார்ப்பை வைத்துப் போட்ட உச்சவரம்பு. டிபியோ இந்த மாதக் கடைசியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை வைத்து வருவது. குடோனில் இருக்கும் சரக்கும், பார்ட்டிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கியும்தான் இந்தக் கடனுக்கு ஈடு. சரக்கு விற்றால் ஈட்டின் உருவம் மாறுகிறது, பாக்கி வசூலானால் ஈடு கரைகிறது. அதனால்தான் வங்கி மாதாமாதம் கேட்கிறது. லிமிட், டிபி இரண்டில் எது குறைவோ அதுவரைதான் பணம் எடுக்க முடியும்.

மார்ஜின் என்பது ஈட்டின் மதிப்பில் முதலாளியின் சொந்தப் பணம் இருக்க வேண்டிய பங்கு. நம் கம்பெனியின் சாங்ஷன் கடிதத்தில் சரக்குக்கு 25 சதவீதம், பாக்கிக்கு 40 சதவீதம் என்று இருக்கிறது. 100 ரூபாய் சரக்குக்கு வங்கி 75 ரூபாய் தரும். 100 ரூபாய் பாக்கிக்கு 60 ரூபாய் தரும். சரக்கைக் கண்ணால் பார்க்கலாம், தேவைப்பட்டால் எடுத்து விற்கலாம். பாக்கியோ தொலைவில் இருக்கும் ஒரு கடைக்காரரின் வாக்கு. அதனால் அதற்கு மார்ஜின் கூடுதல். இந்தச் சதவீதங்கள் வங்கிக்கு வங்கி மாறும், ஒரே வங்கியில் கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். உங்களுடையது எவ்வளவு என்பது உங்கள் சாங்ஷன் கடிதத்தில்தான் இருக்கும்.

கம்பெனி அனுப்பிய செப்டம்பர் 30 ஸ்டேட்மென்ட் இப்படி இருந்தது. நூல் 38 லட்சம், துணி 54 லட்சம், கட்டிங்கிலும் தையலிலும் இருப்பது 24 லட்சம், தைத்து முடித்த பீஸ் 64 லட்சம், லேபிள், பாலித்தீன் கவர், அட்டைப்பெட்டி வகை 8 லட்சம். மொத்தச் சரக்கு 188 லட்சம். இதில் சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய 48 லட்சத்தைக் கழித்தால் 140 லட்சம். 25 சதவீத மார்ஜின் போக 105 லட்சம். வரவேண்டிய பாக்கி 165 லட்சம். 90 நாளைத் தாண்டியது 5 லட்சம். மீதி 160 லட்சம். 40 சதவீதம் போக 96 லட்சம். 105ம் 96ம் சேர்ந்து 201 லட்சம். லிமிட் 200. முழு லிமிட்டையும் எடுக்கலாம் என்று ஸ்டேட்மென்ட் சொன்னது.

வங்கி அதிகாரி ஒரு நாள் கம்பெனிக்கு வந்து, லெட்ஜரையும் குடோனையும் பார்த்துவிட்டுப் போன பிறகு அதே கணக்கு 144 ஆனது. இடையில் 57 லட்சம் எங்கே போனது?

சரக்கு யாருடையது, யார் பணத்தில் வந்தது

முதல் கேள்வி, குடோனில் இருப்பதெல்லாம் நம்முடையதா என்பது. துணி என்று காட்டிய 54 லட்சத்தில் 8 லட்சம், இன்னொரு கம்பெனி தையலுக்கு அனுப்பிய துணி. நம் கூரைக்குக் கீழே இருந்தாலும் அது நம் சரக்கு அல்ல. கணக்குப்பிள்ளை குடோனில் இருந்த ரோல்களை எண்ணி எழுதினார். டெலிவரி சலானைப் பார்க்கவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. நம் துணி டையிங்கிலோ காம்பாக்டிங்கிலோ கிடக்கலாம். அது நம் சரக்குதான். ஆனால் வெளியே இருக்கும் சரக்கை வங்கி கணக்கில் சேர்க்குமா என்பது சாங்ஷன் கடிதத்தைப் பொறுத்தது. சேர்க்கும் வங்கியும் சலான் நகலைக் கேட்கும். டையிங்காரரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும். காரணம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆவது பிரிவின்படி, ஒரு பொருளின் மேல் உழைப்பும் திறமையும் செலவிட்டு வேலை செய்தவர், தன் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே நிறுத்தி வைக்கலாம். டையிங் பில் பாக்கி இருந்தால், அந்தத் துணியின் மேல் வங்கிக்கு முன்னால் டையிங்காரர் நிற்கிறார்.

அடுத்தது வயது. தைத்து முடித்த 64 லட்சம் பீஸில் 14 லட்சம் போன சீசனுக்கு அச்சடித்த டி-ஷர்ட். ஆறு மாதத்துக்கு மேல் அசையாமல் கிடக்கிறது. அடக்க விலை லெட்ஜரில் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. இப்படி நகராத சரக்கை வங்கி சேர்க்காது. மீதி 50 லட்சம் பீஸை விற்கும் விலையில் எழுதியிருந்தார்கள். சரக்கின் மதிப்பு அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதுதான். இந்தக் கம்பெனி 100 ரூபாய்க்கு விற்கும் பீஸின் அடக்கம் 80 ரூபாய். ஆகவே 50 லட்சம் 40 லட்சமாகிறது. இன்னும் விற்காத பீஸில் லாபத்தை எழுதிக்கொண்டு அதன் மேல் கடன் கேட்பது எந்தக் கணக்கிலும் நிற்காது.

8, 14, 10 மூன்றும் கழிந்தால் 188 லட்சம் சரக்கு 156 லட்சமாகிறது.

இனி வருவதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். கொடுக்க வேண்டிய பாக்கியைச் சரக்கிலிருந்து ஏன் கழிக்க வேண்டும்? "சரக்கு என் குடோனில்தானே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அதை வாங்க இன்னும் யாரும் பணம் போடவில்லை. நூல் மில்லே கடன் கொடுத்திருக்கிறது. அதே நூலைக் காட்டி வங்கியிடமும் 75 சதவீதம் வாங்கினால் ஒரே சரக்குக்கு இரண்டு பேர் பணம் கொடுத்ததாகிறது. அந்தக் கூடுதல் பணம் சரக்கில் இல்லை என்றால் வேறு எங்கோ போய்விட்டது என்று பொருள். அதனால் வங்கி பணம் கொடுத்து முடித்த சரக்கை மட்டும்தான் பார்க்கிறது.

கம்பெனி 48 லட்சம் என்று காட்டியது நூல் மில்களுக்கும் துணிக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டியது மட்டும். டையிங், பிரிண்டிங், தையல் கூலி பில்கள் 12 லட்சம் விட்டுப்போயிருந்தன. அவை செலவுதானே, சரக்குப் பாக்கி இல்லையே என்பது கணக்குப்பிள்ளையின் வாதம். ஆனால் சாயம் போட்ட துணியின் மதிப்பில் சாயக் கூலியையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். மதிப்பில் சேர்த்ததைப் பாக்கியிலும் சேர்த்தாக வேண்டும். ஆக 60 லட்சம். 156இல் 60 போக 96 லட்சம். 25 சதவீத மார்ஜின் கழித்தால் 72 லட்சம். கம்பெனி காட்டியது 105.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாக்கியைக் கழித்துவிட்டு மார்ஜின் போடுவதா, மார்ஜின் போட்டுவிட்டுப் பாக்கியைக் கழிப்பதா என்ற வரிசை விடையை மாற்றிவிடும். முன்னதில் 72 லட்சம். பின்னதில் 156 லட்சத்தின் 75 சதவீதமான 117 லட்சத்திலிருந்து 60 போக 57 லட்சம். வித்தியாசம் 15 லட்சம். பணம் கொடுத்து முடித்த சரக்கின் மேல் மார்ஜின் என்பதுதான் வழக்கம். உங்கள் கடிதத்தில் வேறு மாதிரி இருந்தால், புதுப்பிக்கும்போது அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பில்லின் வயது

வரவேண்டிய பாக்கியில் 165 லட்சம் என்ற மொத்தம் சரி. லெட்ஜரோடு ஒத்துப்போகிறது. தவறு வயதைக் கணக்கிட்டதில். கம்பெனி 45 நாள் தவணையில் விற்கிறது. அந்த 45 நாள் முடிந்த தேதியிலிருந்து 90 நாளை எண்ணியிருக்கிறார்கள். கம்பெனியின் சாங்ஷன் கடிதமோ பில் தேதியிலிருந்து 90 நாள் என்கிறது. அப்படிப் பார்த்தால் 90 நாளைத் தாண்டியது 5 லட்சம் அல்ல, 30 லட்சம். ஜூலை 1ஆம் தேதியிலும் அதற்கு முன்பும் போட்ட பில்கள் எல்லாம் செப்டம்பர் 30இல் கெட்டுப்போயிருந்தன.

வயதைப் பில் பில்லாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு பார்ட்டி மே மாதப் பில்லுக்குப் பணம் தராமல், ஆகஸ்ட் மாதப் பில்லுக்கு மட்டும் தருவார். தரம் சரியில்லை, பீஸ் குறைந்தது என்று மே பில்லில் தகராறு இருக்கும். வந்த பணத்தைப் பழைய பில்லில் வரவு வைத்தால் தாளில் எல்லாம் புதிதாகத் தெரியும், தகராறு மறைந்துவிடும். பார்ட்டியின் மொத்த பாக்கி எவ்வளவு என்பதை விட, அவர் எந்தப் பில்லை விட்டுவிட்டுத் தருகிறார் என்பதே சிக்கலைக் காட்டும்.

அடுத்து, 15 லட்சம் முதலாளியின் தம்பி நடத்தும் கடையிலிருந்து வரவேண்டியது. பில் புதியது, 90 நாளுக்குள்தான். ஆனாலும் வங்கி சேர்க்காது. ஒரே குடும்பத்துக் கம்பெனிகளுக்குள் பில் போட்டுக்கொள்வது எளிது, வசூல் செய்வது கடினம். நம் வீட்டார் பணம் தராவிட்டால் நாம் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. அது வங்கிக்கும் தெரியும்.

165 லட்சத்தில் 30ம் 15ம் போக 120 லட்சம். 40 சதவீத மார்ஜின் கழித்தால் 72 லட்சம். சரக்கில் 72, பாக்கியில் 72, மொத்தம் 144. எடுத்திருப்பது 188. கூடுதல் 44 லட்சம்.

வங்கிக்கு எப்படித் தெரிகிறது

குடோனுக்கு வராமலே இதில் பாதியைக் கண்டுபிடிக்கலாம். அதிகாரி செய்தது பள்ளிக்கூடக் கணக்குதான். ஆகஸ்ட் 31 ஸ்டேட்மென்டில் சரக்கு 186 லட்சம். செப்டம்பரில் வாங்கியதும் கூலியும் சேர்ந்து 60 லட்சம். செப்டம்பர் விற்பனை 95 லட்சம். 20 சதவீத லாபம் கழித்தால் அதன் அடக்கம் 76 லட்சம். 186ம் 60ம் சேர்த்து 76ஐக் கழித்தால் 170 லட்சம் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் 188. அதிகப்படி 18 லட்சம். ஊரார் துணி 8 லட்சமும் விற்பனை விலையில் ஏற்றிய 10 லட்சமும்தான் அந்த 18. வாங்கியதையும் விற்றதையும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் இந்தச் சோதனைக்கு யாருடைய தயவும் தேவையில்லை.

பருவமும் பேசும். தீபாவளிக்கு முந்தைய செப்டம்பரில் பீஸ்கள் கடைகளுக்குப் போயிருக்க வேண்டும். சரக்கு குறைந்து பாக்கி கூடியிருக்க வேண்டும். விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் சரக்கும் கூடியிருக்கிறது என்றால் அதிகாரி பேனாவை எடுத்துவிடுவார். அதேபோல 90 நாளுக்குள் வரவேண்டிய பாக்கி, கடைசி மூன்று மாத விற்பனையை விட ஒருபோதும் அதிகமாக இருக்க முடியாது. மாதாமாதம் டிபி லிமிட்டுக்கு ஒன்றிரண்டு லட்சம் மேலேயே வந்து நிற்பதும் ஒரு அடையாளம். உண்மையான தொழிலில் எண்கள் ஏறி இறங்கும்.

5 கோடிக்கு மேல் லிமிட் வாங்கிய கம்பெனிகளுக்கு இன்னொரு கண்ணும் உண்டு. 2020ஆம் ஆண்டின் கம்பெனித் தணிக்கை அறிக்கை உத்தரவின்படி, வங்கிக்குக் கொடுத்த காலாண்டு ஸ்டேட்மென்டுகள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஆடிட்டர் தன் அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

44 லட்சம் கூடுதலாக நின்றால் என்ன ஆகும்? உடனே வருவது செக் திரும்புவதும் அபராதக் கட்டணமும். பெரிய ஆபத்து நாள் கணக்கில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, சிசி கணக்கில் எடுத்த தொகை லிமிட்டையோ டிபியையோ தாண்டித் தொடர்ந்து 90 நாள் நின்றால் அது வாராக்கடன். 30 நாள் தாண்டும்போதே கவனிக்க வேண்டிய கணக்குகளின் பட்டியலில் அது ஏறிவிடும். ஸ்டேட்மென்டே கொடுக்காமல் தப்பிக்கவும் முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்டை வைத்து டிபி போட்டிருந்தால், அந்தக் கணக்கே முறையற்றதாகக் கருதப்படும். வேண்டுமென்றே பொய்ச் சரக்கு காட்டியது தெரிந்தால் அது கடன் பிரச்சினையாக நிற்காது, மோசடிப் புகாராகிவிடும்.

எந்த ரூபாய் எங்கே நகர்ந்தால் என்ன நடக்கிறது

முதலாளியின் முதல் யோசனை, மில்லில் 20 லட்சத்துக்குக் கடனில் நூல் எடுத்து ஸ்டாக்கைக் கூட்டிக் காட்டலாம் என்பது. சரக்கு 156இலிருந்து 176 ஆகும். கொடுக்க வேண்டியது 60இலிருந்து 80 ஆகும். வித்தியாசம் அதே 96. டிபி ஒரு ரூபாய் கூட ஏறாது.

ஒவ்வொரு நடவடிக்கையும் டிபியை என்ன செய்கிறது, எடுத்த தொகையை என்ன செய்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவு வரும். இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் பணம். 80,000 ரூபாய்க்குச் சிசி கணக்கிலிருந்து பணம் கொடுத்து நூல் வாங்கிப் பீஸ் ஆக்குகிறோம். எடுத்த தொகை 80,000 ஏறுகிறது. டிபி 60,000 ஏறுகிறது. இடைவெளி 20,000 சுருங்குகிறது. அது நம் கைக்காசு.

அந்தப் பீஸை 1 லட்சத்துக்குக் கடனில் விற்கிறோம். சரக்கு போனதால் டிபியில் 60,000 குறைகிறது. 1 லட்சம் பாக்கி வந்ததால் 60,000 கூடுகிறது. மாற்றமே இல்லை. விற்றதும் வங்கியில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். லாபம் குறைவாக வைத்து விற்றால் இன்னும் மோசம். அடக்கம் 90,000 ஆன சரக்கை 1 லட்சத்துக்கு விற்றால் டிபியில் 67,500 போய் 60,000தான் வருகிறது. கடனில் தள்ளுபடி விற்பனை செய்யும் தீபாவளி நேரத்தில், விற்க விற்க டிபி இறங்குவது இதனால்தான்.

பாக்கி 90 நாளுக்குள் வசூலானால், எடுத்த தொகை 1 லட்சம் குறைகிறது, டிபி 60,000 குறைகிறது. 40,000 இடம் கிடைக்கிறது. அதில் நாம் முதலில் போட்ட 20,000மும் லாபம் 20,000மும் இருக்கின்றன. சுற்று முழுமையடைவது வசூலில்தான். வசூல் ஆகாமல் 91ஆவது நாள் விடிந்தால், யாரும் ஒரு செக்கும் எழுதாமலே டிபியில் 60,000 காணாமல் போகிறது. அதன் பிறகு அந்தப் பணம் வந்தால், டிபி ஏற்கெனவே இறங்கிவிட்டதால், முழு 1 லட்சமும் இடமாகிறது.

இந்தக் கடைசிக் கணக்குதான் நம் கம்பெனிக்கு வழி காட்டுகிறது. 90 நாளைத் தாண்டிய 30 லட்சமும் தம்பி கடையின் 15 லட்சமும் டிபியில் ஏற்கெனவே இல்லை. இந்த 45 லட்சத்தை வசூலித்துக் கணக்கில் கட்டினால், எடுத்த தொகை 188இலிருந்து 143 ஆகும். டிபி 144ஆகவே நிற்கும். கணக்கு ஒழுங்குக்குள் வந்துவிடும். கம்பெனி கூடுதலாக எடுத்த 44 லட்சம் எங்கே போயிருந்தது என்பதற்கும் இதுதான் விடை. அது பழைய பில்களிலும் தம்பியின் கடையிலும் உட்கார்ந்திருந்தது. பழைய 14 லட்சம் டி-ஷர்ட்டைப் பாதி விலைக்கு ரொக்கத்துக்குத் தள்ளினால் இன்னும் 7 லட்சம் இடம் கிடைக்கும். 7 லட்சம் நஷ்டம் என்று மனம் கேட்காது. ஆனால் அந்த நஷ்டம் சரக்கு பழசானபோதே நடந்துவிட்டது. இப்போது நடப்பது பணம் வருவது மட்டும்தான்.

அதே வேளையில் நல்ல பில்களை விரட்டி வசூலிப்பதில் பலன் குறைவு. 90 நாளுக்குள் இருக்கும் பாக்கியில் 45 லட்சம் வசூலித்தால் கிடைக்கும் இடம் 18 லட்சம்தான். கேட்டவுடன் தருகிற பார்ட்டியிடம் முதலில் போவது நம் இயல்பு. டிபி கணக்கு அதற்கு நேர்மாறாக, தர மறுக்கிற பார்ட்டியிடம் முதலில் போகச் சொல்கிறது.

கம்பெனி விற்கும் சந்தையே 120 நாள் தவணையில் நடக்கிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது 90 நாள் என்ற நிபந்தனையே பொருந்தாதது. இதற்காகத் தேதியை மாற்றி எழுதத் தேவையில்லை. ஓராண்டுக்கான பில் வாரியான வசூல் பட்டியலை எடுத்துக்கொண்டு, லிமிட் புதுப்பிக்கும் நேரத்தில் 120 நாள் வரை சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 100, 110 நாளில் பணம் ஒழுங்காக வந்திருப்பது பட்டியலில் தெரிந்தால் வங்கி பரிசீலிக்கும். அதே தேதிகளை ஸ்டேட்மென்டில் மறைத்து வைத்தவர் அந்தப் பட்டியலைக் காட்டவே முடியாது.

இந்த மாத ஸ்டேட்மென்டில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் சாங்ஷன் கடிதத்தை வெளியே எடுங்கள். சரக்குக்கும் பாக்கிக்கும் மார்ஜின் எவ்வளவு, பாக்கிக்கு எத்தனை நாள், அந்த நாள் எந்தத் தேதியிலிருந்து, வெளியே இருக்கும் சரக்கு சேருமா என்று பாருங்கள். பிறகு கணக்குப்பிள்ளையிடம் 90 நாளைத் தாண்டிய பில்களின் பட்டியலைக் கேளுங்கள். டிபி எடுத்த தொகையை விடக் குறைவாக வந்தால், எண்ணை மாற்றாமல் அப்படியே கொடுத்துவிட்டு, அந்தப் பணம் எந்தப் பார்ட்டியிடமிருந்து எந்தத் தேதிக்குள் வரும் என்று மேனேஜரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். செக் திரும்பிய பிறகு போவதை விட, அதற்கு முன்பே போகிறவருக்குத்தான் அவகாசம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.